"சார், யூ ஆர் போரிங்?" – போர்டு எங்க வரணும், போரிங் எங்க வரணும்

கோத்தகிரிலேர்ந்து கோடநாடு வியூ பாயின்ட் ஒரு 18 கிலோமீட்டர் இருக்கும். நல்லா வெயில் அடிச்சா கீழ மாயாறு வளைஞ்சு போறது, எதிர்ல ரங்கசாமி மலை எல்லாம் தெரியும், மஞ்சு, அதான் பனிமூட்டம், இறங்கிடுச்சுன்னா முன்னாடி இருக்கிற கம்பி வேலிகூட தெரியாது. எங்க பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தன் ஜீப் ஓட்டுறான், போன சீசன்ல ஒரு வயசான வெளிநாட்டு ஜோடியை அங்க கூட்டிட்டுப் போயிருக்கான். மஞ்சு விலகும் விலகும்னு ஒரு மணி நேரம் நின்னாங்களாம். பாவம் மனுஷனுக்கு போர் அடிக்குமேன்னு இவன் அக்கறையா கேட்டிருக்கான்: "சார், யூ ஆர் போரிங்?"

அந்த ஆளு ஒரு நிமிஷம் முழிச்சுட்டு "ஐ ஹோப் நாட்"னு சொன்னாராம், பக்கத்துல அந்த அம்மா மெதுவா "சம்டைம்ஸ்"னு சொல்லிட்டு சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்.

சாயங்காலம் வந்து "அக்கா, போர் அடிக்குதான்னுதானே கேட்டேன், அதுல சிரிக்க என்ன இருக்கு?"ன்னான். இவன் கேட்டது "சார், நீங்க அறுவையான ஆளா?"ன்னு. அதான் அவரு "இல்லைன்னு நம்புறேன்"னாரு, பொண்டாட்டி "அப்பப்போ"ன்னாங்க.

இத வெறும் இங்கிலீஷ் தெரியாததுன்னு தள்ளிட முடியாது, நல்லா படிச்சவங்களே பண்றாங்க, வேலைக்கு எழுதுற லெட்டர்ல "ஐ ஆம் இன்ட்ரெஸ்டிங் இன் திஸ் ஜாப்"னு எழுதுறவங்கள நானே எத்தனையோ பேர பாத்திருக்கேன். நான் சாயங்காலம் நாலஞ்சு பேருக்கு ட்யூஷன் எடுக்கிறேன், வருஷா வருஷம் இந்த ஒரு இடத்துல எல்லாரும் சறுக்குறாங்க. ஏன் சறுக்குறாங்கன்னு பாத்தா காரணம் இங்கிலீஷ்ல இல்ல, நம்ம தமிழ்ல இருக்கு.

எனக்கு குளிருது

ஊட்டியில இறங்கினதும் எல்லாரும் முதல்ல சொல்றது என்ன, "எனக்கு குளிருது". கவனிச்சுப் பாருங்க, "நான் குளிருறேன்"னு யாரும் சொல்றதில்ல. எனக்கு பசிக்குது, எனக்கு தூக்கம் வருது, எனக்கு பயமா இருக்கு, எனக்கு போர் அடிக்குது. நம்ம மேல வந்து விழுற விஷயத்துக்கு பெரும்பாலும் தமிழ்ல "நான்" வராது, "எனக்கு"தான் வரும். அந்த "கு" இருக்கு பாருங்க, அதுக்குப் பேரு நாலாம் வேற்றுமை உருபு, பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போம். அதோட வேலை என்னன்னா "இது நான் பண்ற வேலை இல்லப்பா, எனக்கு நடக்குது"ன்னு சொல்றது.

இங்கிலீஷ்ல அந்த இடத்துல "கு" கிடையாது. பசியோ குளிரோ போரோ, எல்லாத்துக்கும் "ஐ ஆம்"தான். "ஐ"ன்னா எனக்கு இல்ல, "நான்".

இப்ப நம்ம பேச்சுல ஒரு வரி இருக்கு: "எனக்கு போரிங்கா இருக்கு". தமிழா பாத்தா இதுல ஒரு குத்தமும் இல்ல, ஏன்னா போர் அடிக்கிற வேலைய வேற ஏதோ பண்ணுது, எனக்கு நடக்குதுன்னு அந்த "கு" சொல்லிடுது. இத அப்படியே இங்கிலீஷுக்கு ஏத்துறப்போ என்ன ஆகுது, எனக்கு போய் ஐ ஆகுது, போரிங் போரிங்காவே இருக்கு, "கு" மட்டும் கொண்டை ஊசி வளைவுல ஜீப்லேர்ந்து சாமான் விழுற மாதிரி எங்கயோ விழுந்துடுது. மிச்சம் நிக்கிறது "ஐ ஆம் போரிங்". நான் போர் அடிக்கிறவன்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. "ஐ ஆம் டயரிங்"னு தப்பா சொல்றவங்கள நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க, எல்லாரும் "ஐ ஆம் டயர்ட்"னு கரெக்டா சொல்லிடுவாங்க. அதுல மட்டும் எப்படி அறிவு வந்துச்சு? அறிவெல்லாம் இல்ல, நாம தமிழுக்குள்ள கடன் வாங்கினதே "டயர்டா இருக்கு"ங்கிற வார்த்தைய, அதனால தானா பொருந்திடுது. ஆனா அதே ஆளு மேட்டுப்பாளையத்துலேர்ந்து மலை ரயில்ல வந்து இறங்கிட்டு "ட்ராவல் டயர்டா இருந்துச்சு"ம்பாரு, இங்கிலீஷ்ல கேட்டா "தி ஜர்னி வாஸ் டயர்ட்"னு சொல்லுவாரு. 46 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் ஏறுது, ஆனாலும் களைச்சது பயணம் இல்லையே, அதுல உக்காந்திருந்த ஆளுதானே.

ஆக இதுவரைக்கும் பாத்தது: தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைய வச்சு சமாளிக்கிறோம், யாருக்கு நடக்குதுங்கிறத "கு" பாத்துக்குது. இங்கிலீஷ்ல "கு" இல்ல, அதனால அந்த வேலைய வார்த்தையோட வாலு பாக்கணும். இ.டி ஒரு வாலு, ஐ.என்.ஜி இன்னொரு வாலு.

அட்டையும் காலும்

மழைக்காலத்துல கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள்ள போயிட்டு வந்தா அட்டை ஏறாம வீட்டுக்கு வர முடியாது. ஷூவ கழட்டினா ரத்தம் ஓடிட்டு இருக்கும். இப்ப இங்க ரெண்டு பார்ட்டி இருக்கு, ஒண்ணு கடிக்கிற அட்டை, இன்னொண்ணு கடிபட்ட காலு. வேலை ஒண்ணுதான், கடி. பண்ணினது ஒண்ணு, வாங்கினது ஒண்ணு.

போரும் அப்படியே. "போர்"ங்கிறது இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல், அதுக்கு "போர் ஃபீல் பண்ணு"ன்னு அர்த்தம் இல்ல, "இன்னொருத்தர போர் அடிக்க வை"ன்னு அர்த்தம். தி ஸ்பீச் போர்ஸ் மீ. பேச்சு என்னைய அறுக்குது. இது புரியாததாலதான் பாதிக் குழப்பம். இன்ட்ரெஸ்ட், எக்ஸைட், கன்ஃப்யூஸ், சர்ப்ரைஸ், டயர், ஷாக் எல்லாமே இதே குடும்பம். எல்லாமே ஒண்ணு இன்னொண்ணுக்குப் பண்ற வேலை, அட்டை காலைக் கடிக்கிற மாதிரி.

அந்த வினைச்சொல்லோட வாலுல ஐ.என்.ஜி ஒட்டினா அது பண்ற பக்கம், கடிக்கிற அட்டை. இ.டி ஒட்டினா வாங்கின பக்கம், கடிபட்ட காலு. ஸ்பீச் போரிங், நான் போர்டு. மேப் கன்ஃப்யூசிங், டூரிஸ்ட் கன்ஃப்யூஸ்டு. வினைச்சொல்ல இப்படி வாலு ஒட்டி, ஒரு ஆள இல்ல பொருள விவரிக்கிற சொல்லா மாத்துறதுக்கு இங்கிலீஷ்ல பார்ட்டிசிப்பிள்னு பேரு. பேரு மறந்தாலும் பரவால்ல, அட்டைய மறக்காதீங்க.

நம்ம தமிழ்ல இதுக்குக் கிட்டத்தட்ட சமமானது பெயரெச்சம், அதாவது ஒரு பெயருக்கு முன்னாடி வந்து நிக்கிற அரைகுறை வினை, "கடிச்ச" மாதிரி. இதுலதான் ரெண்டாவது சறுக்கல். "கடிச்ச அட்டை"ன்னும் சொல்றோம், "அட்டை கடிச்ச காலு"ன்னும் சொல்றோம், ரெண்டுலயும் கடிச்ச கடிச்சதான், எழுத்துகூட மாறல. எது கடிச்சுது எது கடி வாங்கிச்சுன்னு நாம வார்த்தையோட வால பாத்து கண்டுபிடிக்கிறதில்ல, அட்டைக்குத்தான் வாய் இருக்கு காலுக்கு இல்லைங்கிற பொது அறிவுல கண்டுபிடிக்கிறோம். இங்கிலீஷ்காரன் அந்தப் பொது அறிவுக்கு விடமாட்டான், வாலுலயே எழுதிடணும்.

ஆனா தமிழ்லயும் வேணும்னா பிரிச்சு சொல்ல ஒரு வழி இருக்கு, "பட்ட". அடிச்சவன், அடிபட்டவன். கடிச்ச, கடிபட்ட. இ.டி வர்ற இடத்துலெல்லாம் மனசுக்குள்ள ஒரு "பட்ட" போட்டுப் பாருங்க. போர்டுன்னா அறுபட்ட ஆளு, கன்ஃப்யூஸ்டுன்னா குழப்பப்பட்ட ஆளு. "ஐ ஆம் போரிங்"னு வாய் வர்றப்போ "நான் அறுபட்டவனா, அறுக்கிறவனா"ன்னு ஒரு செகண்ட் கேட்டா போதும்.

சுருக்கமா, வேலை ஒண்ணு, பார்ட்டி ரெண்டு. பண்றது ஐ.என்.ஜி, வாங்குறது இ.டி.

"இ.டின்னா பாஸ்ட் டென்ஸ் இல்லையா அக்கா?"

இத ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது கேட்டுடுவாங்க. பள்ளிக்கூடத்துல இ.டின்னா நேத்து, ஐ.என்.ஜின்னா இப்ப நடந்துட்டு இருக்குன்னு மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க. அதனால பசங்க என்ன பண்றாங்க, இப்ப போர் அடிச்சா "ஐ ஆம் போரிங்", நேத்து அடிச்சிருந்தா "ஐ வாஸ் போர்டு"ன்னு ஒரு தனி இலக்கணமே உண்டாக்கிடுறாங்க.

இந்த வாலுங்களுக்கும் நேரத்துக்கும் இங்க சம்பந்தமே இல்ல. நேரத்தைச் சொல்றது ஆம், வாஸ், வில் பீ அந்த மூணும்தான். ஐ ஆம் போர்டு, இப்ப. ஐ வாஸ் போர்டு, நேத்து. ஐ வில் பீ போர்டு, நாளைக்கு அந்த மீட்டிங்ல. மூணுலயும் வாங்குறது நான், அதனால மூணுலயும் இ.டி. கடிபட்ட காலு நேத்தும் கடிபட்ட காலு, இன்னைக்கும் கடிபட்ட காலு.

மனுஷனுக்கு இ.டி, பொருளுக்கு ஐ.என்.ஜி – இந்த ரூல் பாதிதான் சரி

நிறைய பேரு சொல்லிக்குடுக்கிற ஷார்ட்கட் இது. பரீட்சையில பத்துக்கு எட்டு மார்க் வாங்கிக்குடுக்கும், அதனால நான் ஒரேடியா திட்டமாட்டேன். ஆனா அது பலன், காரணம் இல்ல. பொருளுக்கு மனசு கிடையாது, அதால ஃபீல் பண்ண முடியாது, அதனால பெரும்பாலும் அது பண்ற பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான்.

மனுஷன் ரெண்டு பக்கமும் நிக்கலாம். எஸ்டேட்ல ரிட்டயர் ஆன ஒரு தாத்தா எங்க தெருவுல இருக்காரு, பழைய கதை சொன்னா டீ ஆறிப்போறதுகூட தெரியாம கேட்டுட்டு இருப்போம், அவரு இன்ட்ரெஸ்டிங் மேன். அவரு கதைய நாம விரும்பிக் கேக்குறோம், நாம இன்ட்ரெஸ்டட். அவருக்கே கிரிக்கெட்ல ஆர்வம் வந்துச்சுன்னா ஹி இஸ் இன்ட்ரெஸ்டட் இன் கிரிக்கெட். ஒரே ஆளு, ரெண்டு வாலு, ரெண்டு அர்த்தம். இப்ப அந்த வேலை லெட்டருக்கு வருவோம், "ஐ ஆம் இன்ட்ரெஸ்டிங்"னு எழுதினா "நான் ரொம்ப சுவாரசியமான ஆளு"ன்னு தம்பட்டம் அடிச்ச மாதிரி, "எனக்கு இந்த வேலையில விருப்பம்"னு சொன்ன மாதிரி ஆகாது. இதுல ஒரு சின்ன அடையாளம் இருக்கு, பின்னாடி "இன்" போட்டு எதுல விருப்பம்னு சொல்லப் போறீங்கன்னா கண்ண மூடிட்டு இன்ட்ரெஸ்டட்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எ போர்டு லுக், எ வொரீட் ஃபேஸ், எ டயர்ட் வாய்ஸ். பார்வையும் முகமும் குரலும் மனுஷன் இல்லையே, எப்படி இ.டி வந்துச்சு? அந்த முகத்துக்குப் பின்னாடி கவலைப்பட்ட ஒரு ஆளு இருக்காரு, முகம் அவரோட நிலைமையக் காட்டுது. தமிழ்லயும் "களைச்ச முகம்"னுதானே சொல்றோம், முகமா களைச்சுது? அதே முகத்த பாத்து நமக்குக் கவலை வந்தா மட்டும் அது வொரியிங்.

ஒரு வாய்ஸ் மெசேஜ பிரிச்சுப் பாப்போம்

நம்ம ஜீப் தம்பி அந்த ஜோடி ஊருக்குப் போனப்புறம் அவங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்ப ரெடி பண்ணினான், அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட போட்டுக் காட்டினான். அதுல இருந்தது இது:

"ஐ வாஸ் வெரி எக்ஸைட்டிங் வென் தி பைசன் கேம். மை ஃப்ரெண்ட் வாஸ் ஃப்ரைட்டனிங். சாரி, தி ரோட் வாஸ் டயர்ட். ஐ ஹோப் யூ ஆர் நாட் டிஸப்பாயின்டிங்."

பைசன்னு இங்க எல்லாரும் சொல்றது காட்டெருமைய, டீ காட்டுக்குள்ள சாதாரணமா மேஞ்சிட்டு இருக்கும். நாலு வரி, நாலும் தப்பு, ஆனா நாலையும் ஒரே கேள்வியில சரி பண்ணிடலாம். முதல்ல "ஆம்", "வாஸ்" எல்லாத்தையும் எடுத்துட்டு, யாரு யாருக்கு என்ன பண்ணினாங்கன்னு ஒரு முழு வரி போடணும்.

முதல் வரியில எக்ஸைட் பண்ணினது யாரு? காட்டெருமை. யாரை? தம்பியை. தி பைசன் எக்ஸைட்டட் மீ. அப்ப வாங்கினது இவன், ஐ வாஸ் எக்ஸைட்டட். காட்டெருமை வந்ததுதான் எக்ஸைட்டிங்.

ரெண்டாவதுல பயமுறுத்தினதும் அதே காட்டெருமைதான், பயந்தது ஃப்ரெண்டு. இவன் சொன்ன மாதிரி விட்டா அந்த ஃப்ரெண்டைப் பாத்து ஊரே பயந்துச்சுன்னு ஆகும். மை ஃப்ரெண்ட் வாஸ் ஃப்ரைட்டன்டு. (அந்தப் பையன எனக்குத் தெரியும், எலியைப் பாத்தாலே ஓடுறவன்.)

மூணாவது தலைகீழ். களைப்பு குடுத்தது ரோடு, களைச்சது நாலு பேரும். தி ரோட் டயர்ட் அஸ். அதனால தி ரோட் வாஸ் டயரிங், வீ வேர் டயர்ட். நான் மேல சொன்ன "ட்ராவல் டயர்டா இருந்துச்சு" இங்க வந்து நிக்குது பாருங்க.

நாலாவதுதான் ஆபத்து. "நீங்க ஏமாற்றம் அடையலன்னு நம்புறேன்"னு சொல்ல வந்தான். டிஸப்பாயின்ட் பண்ணினது மஞ்சு, வாங்கினது அவங்க, யூ ஆர் நாட் டிஸப்பாயின்டட். இவன் அனுப்ப இருந்ததுல "நீங்க எங்களுக்கு ஏமாற்றம் தர்ற ஆளுங்களா இருக்கமாட்டீங்கன்னு நம்புறேன்"னு வருது, காசு குடுத்துட்டுப் போன கஸ்டமர் கிட்ட.

இந்த முழு வரி போடுற பழக்கம்தான் முக்கியம். வரி வரலைன்னா, அதாவது யாரு பண்ணினாங்கன்னே சொல்ல முடியலைன்னா, வாங்கினது யாருன்னு மட்டும் பாருங்க, மனசுல ஏதோ நடந்த ஆளு அவரு, அவருக்கு இ.டி.

எல்லா இடத்துலயும் ஜோடி கிடைக்காது

சில வினைச்சொல்லுக்கு இ.டி சரியா வரும், ஐ.என்.ஜி இருக்க வேண்டிய நாற்காலியில வேற ஆளு உக்காந்திருப்பாங்க. பயந்தவர் ஸ்கேர்டு, ஆனா பயமுறுத்துறது ஸ்கேரிங் இல்ல, ஸ்கேரி. இம்ப்ரெஸ்டு, ஆனா இம்ப்ரெஸிவ். ஸ்ட்ரெஸ்டு, ஆனா ஸ்ட்ரெஸ்ஃபுல். டிலைட்டட், ஆனா டிலைட்ஃபுல். இதுக்கு ரூல் கிடையாது, கேட்டுக் கேட்டுப் பழக வேண்டியதுதான். ஆனா பக்கம் மாறாது, "எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்ல வந்து "ஐ ஆம் ஸ்கேரி"ன்னா அது "ஐ ஆம் போரிங்"கோட தம்பிதான்.

வாயில வர்றப்போ

எழுத்துல சரியா எழுதுறவங்ககூட பேசுறப்போ இ.டிய முழுங்கிடுவாங்க. "ஐ ஆம் போர்"னு நின்னுடும். இங்கிலீஷ்ல "எ போர்"னா அறுவை கேஸ்னு ஒரு பெயர்ச்சொல் தனியா இருக்கு, அதனால வால முழுங்கினா மறுபடியும் அதே குழியிலதான் விழுவீங்க. போர்டு, பஸ் போர்டுல வர்ற அதே சத்தம், கடைசி "ட்" காதுல விழணும். ஷாக்ட் மாதிரி சிலதுல அது அழுத்தமான "ட்"டா வரும், இன்ட்ரெஸ்டட், எக்ஸைட்டட் மாதிரி ஏற்கனவே ட சத்தத்துல முடியுறதுக்கு மட்டும் தனியா ஒரு "இட்" கேக்கும். போரிங்னா எங்க ஊர்ல பாதி பேருக்கு தண்ணிக்கு ஓட்டை போடுற போரிங்தான் ஞாபகம் வரும், அது எழுத்து ஒண்ணா இருக்கிற வேற சொல், அத இங்க இழுக்க வேணாம்.

தம்பி இப்ப தேறிட்டான். போன வாரம் ட்யூஷனுக்கு வரல, ஏன்டான்னு மெசேஜ் போட்டேன். பதில் வந்துச்சு: "சாரி அக்கா, ஐ ஆம் டயர்ட். யூ ஆர் டயரிங்." திட்டலாம்னு பாத்தா, கிராமர்ல ஒரு தப்பும் இல்ல.